நள்ளிரவுக்கு 2400, 0000 என்று இரண்டு எண்கள் எதற்கு?

கேள்வி: புதிதாகப் பாதுகாவல் வேலையில் சேர்ந்திருக்கிறேன். பணிப் பட்டியலில் வெள்ளி மாலை ஷிஃப்ட் 1600–2400 என்றும், சனிக்கிழமை இரவு ஷிஃப்ட் 0000–0800 என்றும் இருக்கிறது. இரண்டும் நள்ளிரவு 12 மணிதானே? ஒரே எண்ணாகப் போட்டால் என்ன?

கடிகாரத்தில் இரண்டும் ஒரே கணம்தான். ஆனால் பட்டியலில் அந்த எண் தனியாக நிற்பதில்லை. பக்கத்தில் ஒரு கிழமையோ தேதியோ இருக்கிறது. 2400 என்பது அந்தத் தேதி முடியும் கணம். 0000 என்பது அந்தத் தேதி தொடங்கும் கணம். ஆகவே வெள்ளி 2400-உம் சனி 0000-உம் ஒன்றே. வெள்ளி 0000-க்கும் வெள்ளி 2400-க்கும் இடையிலோ முழுதாக ஒரு நாள் கிடக்கிறது.

நான் சிங்கப்பூரில் பணிப் பட்டியல் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் பட்டியலை எழுதியவர் விவரம் தெரிந்தவர் என்றே சொல்வேன். மாலை ஷிஃப்ட் வெள்ளியோடு முடிகிறது, அதனால் 2400. இரவு ஷிஃப்ட் சனியோடு தொடங்குகிறது, அதனால் 0000. முடிவுக்கு ஒன்று, தொடக்கத்துக்கு ஒன்று. ஒரு வேலையை வெள்ளிக்கிழமை வரிசையிலேயே முழுதாகப் படித்து முடிக்க முடிகிறது. கண்ணை அடுத்த நாளின் கட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. நள்ளிரவில் வந்து சேர்வதை 2400 என்றும், நள்ளிரவில் புறப்படுவதை 0000 என்றும் எழுதும் வழக்கம் ரயில் அட்டவணைகளில் உண்டு. காரணம் இதேதான்.

தவறான எண்ணைப் போட்டால் என்ன ஆகும் என்பதை ஓர் அறிவிப்பை வைத்துப் பார்ப்போம். ஒரு கொண்டோமினியத்தில் 13-ஆம் தேதி 2200 முதல் 14-ஆம் தேதி 0000 வரை தண்ணீர் வராது என்று ஒட்டுகிறார்கள். அதன் நேர்பொருள் இரண்டு மணி நேரம். அதையே 14-ஆம் தேதி 2400 வரை என்று எழுதினால் 26 மணி நேரம். இரண்டு வாளி பிடித்து வைப்பதா, தொட்டியையே நிரப்பி வைப்பதா என்பது அந்த ஓர் எண்ணில் இருக்கிறது. 13-ஆம் தேதி 2200 முதல் 13-ஆம் தேதி 0000 வரை என்று எழுதியிருந்தால் கவலை குறைவு. தொடங்குவதற்கு முன்பே முடிவதாக வருவதால், எழுதியவர் 2400-ஐத்தான் நினைத்தார் என்று யாருக்கும் புரிந்துவிடும். ஆபத்தானது முதலில் சொன்ன வடிவம். அதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. ஆனால் 14-ஆம் தேதி நள்ளிரவு வரை என்று மனத்தில் படிப்பவருக்கு அது 14-ஆம் தேதி இரவாகவே படும்.

அப்படிப் படிப்பவரைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. நம் பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது. சிவராத்திரிக்குக் கண்விழிப்பவர் பின்னிரவு இரண்டு மணியை மறுநாள் என்று கணக்கிடுவதில்லை. விடியும்வரை அது அதே நாளின் இரவுதான். நாள் நள்ளிரவில் மாறுகிறது என்பது அலுவலகங்களின் ஏற்பாடு.

போக்குவரத்துத் துறையும் நம்மைப் போலவேதான் எண்ணுகிறது. சனிக்கிழமைக்கான கடைசி பஸ் 0012 என்று ஓர் அட்டவணையில் இருந்தால், அது சனிக்கிழமைச் சேவையின் கடைசி ஓட்டம். நாட்காட்டிப்படி அப்போது ஞாயிறு பிறந்து 12 நிமிடம் ஆகியிருக்கும். இந்தச் சிக்கலைத் தவிர்க்க, பஸ், ரயில் அட்டவணைகளைக் கணினிகள் பரிமாறிக்கொள்ளும் GTFS என்ற வடிவத்தில் 24-ஐத் தாண்டியும் எண்ண இடம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே அந்த பஸ் 24:12:00. பின்னிரவு ஒன்றரை மணி 25:30:00. பார்க்க விசித்திரமாக இருந்தாலும், எந்த நாளின் சேவை என்பதில் குழப்பமே இராது.

விதி வகுப்பவர்களுக்கே இதில் மனம் மாறியிருக்கிறது. தேதி, நேரம் எழுதுவதற்கான ISO 8601 என்ற அனைத்துலகத் தரம் முன்பு இரண்டு வடிவங்களையும் ஏற்றது. 2019 பதிப்பில் 24:00-ஐ நீக்கினார்கள். 2022-இல் வந்த திருத்தத்தில், நாளின் முடிவைக் குறிக்க அதைத் திரும்பச் சேர்த்தார்கள். நியாயமான முடிவு. ஒரு நாளின் முடிவைச் சொல்ல அடுத்த நாளின் தேதியைக் கடன் வாங்குவது வாசிப்பவருக்குச் சுமை.

ஆனாலும் பல மென்பொருள்கள் இன்றும் 23:59-க்கு மேல் ஏற்பதில்லை. தேசிய சேவை செய்தவர்களுக்கு 2359 நன்றாகப் பழகிய எண். ஒரு கெடு வைப்பதற்கு அது மிக நல்லது. எந்த நாள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. சம்பளக் கணக்குக்கு மட்டும் அது உதவாது. 1600 முதல் 2359 வரை என்று போட்டால் ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு நிமிடம் காணாமல் போகிறது.

நீங்களே எக்செல்லில் உங்கள் மணிக்கணக்கை வைத்துக்கொள்வதானால் ஒன்றைக் கவனியுங்கள். தொடக்கம் 16:00, முடிவு 0:00 என்று கொடுத்துக் கழித்தால் விடை எதிர்மறையாகி, கட்டம் முழுக்க ##### என்று நிரம்பும். அதற்குப் பலரும் இந்தச் சூத்திரத்தைப் பரிந்துரைப்பார்கள்:

```
=MOD(B2-A2,1)
```

இது 8 மணி நேரம் என்று சரியாகவே காட்டும். ஆனால் யாராவது 0:00 முதல் 24:00 வரை, நாள் முழுக்க நின்றிருந்தால், அதே சூத்திரம் பூஜ்யம் என்று சொல்லிவிடும். எக்செல் 24:00-ஐ ஒரு முழு நாள், அதாவது 1 என்ற எண்ணாக வைத்திருக்கிறது. ஒன்றை ஒன்றால் வகுத்தால் மீதி ஏது? தேதியையும் நேரத்தையும் கூட்டி, பிறகு கழிப்பதே பிழையில்லாத வழி. A, C கட்டங்களில் தேதி, B, D கட்டங்களில் நேரம் என்று வைத்துக்கொண்டால்:

```
=(C2+D2)-(A2+B2)
```

விடைக் கட்டத்தின் வடிவம் `[h]:mm` என்று இருக்க வேண்டும். இப்போது வெள்ளியோடு 24:00 கொடுத்தாலும், சனியோடு 0:00 கொடுத்தாலும் விடை ஒன்றாகவே வரும், ஏனென்றால் கூட்டிய பிறகு இரண்டும் ஒரே எண். வெள்ளியோடு 0:00 கொடுத்துவிட்டால் ##### வந்து உடனே காட்டிக்கொடுக்கும்.

ஒரு சிறு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 2400 என்பது அந்த நாளில் 24 மணி நேரம் கழிந்ததற்குச் சான்று அல்ல, நாள் முடிந்ததற்கான அடையாளம் மட்டுமே. 1981 டிசம்பர் 31 இரவு சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியது. 2330 ஆனதும் 1982 ஜனவரி 1, 0000 பிறந்துவிட்டது. அன்று 1600–2400 ஷிஃப்டில் நின்றவர் உண்மையில் ஏழரை மணி நேரமே வேலை செய்தார்.

உங்கள் பட்டியலில் இனிச் சந்தேகம் வந்தால், அந்த எண் தொடக்கக் கட்டத்தில் இருக்கிறதா முடிவுக் கட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முடிவுக் கட்டத்தில் 0000 இருந்து, பக்கத்தில் தேதி இல்லையென்றால் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். "நள்ளிரவா?" என்று கேட்டால் ஆமாம் என்பார், அதில் பயனில்லை. "வெள்ளி இரவு படுக்கப் போகும் முன்பா, சனி இரவு படுக்கப் போகும் முன்பா?" என்று கேளுங்கள்.