அகர வரிசை லிஸ்ட்டைப் பெரியப்பா மடித்து வைத்த கதை

"தங்கச்சி இந்த வருசம் ஓஎல். ஆங்கிலத்தில் எந்தச் சொல்லோடு எந்த முன்னிடைச்சொல் வரும் என்று, குட் அட், டிபென்ட் ஒன் மாதிரி நூற்றைம்பது இருக்கிற லிஸ்ட் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். ராத்திரி பாடமாக்குகிறாள், விடிந்தால் மறந்துவிடுகிறாள். நினைவில் நிற்க ஏதாவது வழி இருக்கா?"

அந்த லிஸ்ட்டை எனக்குத் தெரியும். அஃப்ரெய்ட் ஒவ் என்று தொடங்கும். போட்டோக்கொப்பி எடுத்து எடுத்து ஓரம் கறுத்துப் போன இரண்டு தாள். என்னிடம் இருந்த தாளின் பேரப்பிள்ளைதான் உங்கள் தங்கச்சியிடம் இருக்கும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆங்கில ஆசிரியை இல்லை. மட்டக்களப்பில் ஓர் அலுவலகத்தில் கடிதம் அடிக்கிறவள். ஓஎல் ஆங்கிலத்தில் முதல் தடவை பெயில், இரண்டாம் தடவை சி. "சி எடுத்தவளா பாடம் நடத்துகிறாள்" என்று யாராவது கீழே எழுதத்தான் போகிறீர்கள். எழுதுங்கள். முதலே ஏ எடுத்தவர்களுக்கு இந்த விசயத்தில் எங்கே வழுக்கும் என்று தெரியாது, அவர்கள் வழுக்கி விழவே இல்லையே.

பெயிலான பிறகு அம்மா என்னைக் கல்லடியில் இருந்த பெரியப்பாவிடம் அனுப்பினார். கச்சேரியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் லிஸ்ட்டை நீட்டினேன். அவர் வாசித்துக்கூடப் பார்க்காமல் நான்காக மடித்து மேசைக் காலுக்கு அடியில் வைத்தார். அந்த மேசை ஆடுகிற மேசை. பிறகு தமிழில் எட்டு வசனம் சொல்லி, ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்.

"அவள் கணக்கில் கெட்டிக்காரி" என்றார். நான் "குட் இன் மெத்ஸ்" என்று எழுதினேன். "விளைச்சல் மழையில் தங்கியுள்ளது" என்றதற்கு "டிபென்ட்ஸ் இன் ரெய்ன்". "பஸ்ஸுக்குக் காத்திருந்தேன்" என்றதற்கு "வெயிட்டட் டு த பஸ்". "பாம்புக்குப் பயம்" என்றதற்கு "அஃப்ரெய்ட் டு ஸ்னேக்ஸ்". "அதைப் பற்றிக் கலந்துரையாடினோம்" என்றதற்கு "டிஸ்கஸ்ட் எபவுட் இட்". ஐந்தும் பிழை. மற்ற மூன்றும் சரி: "இசையில் விருப்பம்" என்றதை "இன்ரறஸ்டட் இன்" என்றும், "இந்தப் பேனா எனக்குச் சொந்தம்" என்றதை "பிலோங்ஸ் டு மீ" என்றும், "அம்மா என்னோடு கோபம்" என்றதை "அங்கிரி வித் மீ" என்றும் எழுதியிருந்தேன்.

பெரியப்பா சிவப்புப் பேனாவை எடுத்து ஆங்கிலத்தைத் திருத்தவில்லை. தமிழ் வசனங்களை எழுதி, கணக்கில் என்பதில் "இல்", பஸ்ஸுக்கு என்பதில் "கு", என்னோடு என்பதில் "ஓடு" என்று வட்டம் போட்டார். "மனே, பிழை விடுறது இங்கிலிஷ் இல்ல. உன்ட தமிழ்தான். இல் வந்தா இன் போடுறாய், கு வந்தா டு போடுறாய்" என்றார்.

தமிழ்ப் பாடத்தில் வேற்றுமை உருபு என்று படிக்கிறோமே, அதைத்தான் சொன்னார். நமக்குத் தெரியாமலே தலைக்குள் ஒரு மாற்று அட்டவணை ஓடுகிறது. இல் என்றால் இன், கு என்றால் டு, ஓடு என்றால் வித், பற்றி என்றால் எபவுட். சரியாக எழுதிய மூன்றும் எனக்குத் தெரிந்ததால் சரியானவை அல்ல, அட்டவணை தற்செயலாகப் பொருந்திய இடங்கள். அகர வரிசை லிஸ்ட்டின் கோளாறும் இதுதான். பொருந்துவதையும் பொருந்தாததையும் கலந்து போட்டுவிட்டு நூற்றைம்பதையும் ஒரே மாதிரிப் பாடமாக்கச் சொல்கிறது.

ஆகவே உங்கள் தங்கச்சி முதல் நாள் எதையும் பாடமாக்க வேண்டாம். லிஸ்ட்டில் உள்ள ஒவ்வொன்றையும், வீட்டில் பேசுகிற மாதிரி ஒரு சின்னத் தமிழ் வசனமாகச் சொல்லிப் பார்த்து, மூன்று குவியலாகப் பிரிக்கட்டும்.

முதல் குவியல், தமிழ் உருபே கைகொடுப்பவை. பிலீவ் இன் (அதில் நம்பிக்கை), சக்சீட் இன் (அதில் வெற்றி), சிமிலர் டு (அதற்கு ஒப்பானது), அக்ரீ வித் (அவரோடு உடன்படு) போன்றவை. இவற்றை ஒருமுறை வாசித்தால் போதும். லிஸ்ட்டில் கணிசமான பங்கு இங்கேயே கழிந்துவிடும்.

இரண்டாவது, தமிழ் ஏமாற்றுபவை. உழைப்பு முழுவதும் இங்கேதான். மூன்றாவது, ஆங்கிலத்தில் எதுவுமே போடக்கூடாதவை: டிஸ்கஸ், என்ரர், றீச், மெரி. இவற்றை லிஸ்ட்டுகள் பெரும்பாலும் சொல்வதே இல்லை, ஏனென்றால் லிஸ்ட்டில் போட அங்கே ஒன்றும் இல்லை. மெரியில் ஒரு வேடிக்கை. ஒருவரை மணந்தார் என்றால் வெறும் "மெரீட் ஹிம்". மணமாகி இருக்கிறார் என்றால் "இஸ் மெரீட் டு ஹிம்". நாம் எழுதுகிற வித் இரண்டிலும் இல்லை.

இரண்டாம் குவியலைப் பெரியப்பா எழுத்து வரிசையிலும் அடுக்கவில்லை, பொருள் வரிசையிலும் அடுக்கவில்லை. ஒரே முன்னிடைச்சொல் எடுப்பவற்றை ஒரு ஆளின் கதையாகக் கோத்தார். ஃபோருக்கு வந்த ஆள் வேலை தேடுகிற என் மச்சான். அவர் வேலை தேடினார், லுக்ட் ஃபோர். விண்ணப்பித்தார், அப்ளைட் ஃபோர். கிராமசேவகரிடம் கடிதம் கேட்டார், ஆஸ்க்ட் ஃபோர். போட்டோக்கொப்பிக்குக் காசு கொடுத்தார், பெய்ட் ஃபோர். பதிலுக்குக் காத்திருந்தார், வெயிட்டட் ஃபோர். ஐந்தும் நடக்கிற ஒழுங்கிலேயே வருவதால் ஒன்றைச் சொன்னால் அடுத்தது தானாக வரும். வெயிட்டுக்கு என்ன என்று தனியாகக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் மச்சான் வாசலில் தபால்காரரைப் பார்த்து நிற்பதுதான் முதலில் தெரியும், ஃபோர் அதற்குப் பிறகு வரும்.

அட்டுக்குத் தம்பி. கிரிக்கெட்டில் குட் அட், கணக்கில் பேட் அட். புள்ளியைப் பார்த்து சர்ப்ரைஸ்ட் அட். அப்பா ஷவுட்டட் அட், நாங்கள் எல்லாரும் லாஃப்ட் அட். ஒன்னுக்கு வயல்காரர் ஒருவர்: மழையை நம்பி டிபென்ட்ஸ் ஒன், உரத்துக்கு ஸ்பென்ட்ஸ் ஒன், வேலையில் கொன்சன்ட்ரேட்ஸ் ஒன், நல்ல விலை வேண்டும் என்று இன்சிஸ்ட்ஸ் ஒன். ஒவ்வுக்கு ஒரு மாமி இருந்தார். மகனில் ப்ரவுட் ஒவ், அயல்வீட்டுக்காரியில் ஜெலஸ் ஒவ், சமையலில் டயர்ட் ஒவ், நாய்க்கு அஃப்ரெய்ட் ஒவ். (உண்மையான மாமிதான். யாரென்று சொன்னால் ஊருக்குப் போக முடியாது.)

கதை உங்கள் வீட்டு ஆட்களைப் பற்றியதாக இருக்க வேண்டும். என் மச்சானைத் தங்கச்சி பாடமாக்கினால் அதுவும் இன்னொரு லிஸ்ட்தான். ஒரு கதையில் ஆறுக்கு மேல் கோக்கவும் வேண்டாம். நான் ஒவ்வில் பதினொன்று கோத்துப் பார்த்தேன், மாமி கடைசியில் யாரென்றே தெரியாமல் போய்விட்டார்.

இது எங்கே உடையும் என்றும் சொல்ல வேண்டும். ஒரே சொல் இரண்டு மூன்றை எடுக்கும். குட் அட் என்றால் திறமை. பால் உடம்புக்கு நல்லது என்றால் குட் ஃபோர். பிள்ளைகளோடு நன்றாகப் பழகுவார் என்றால் குட் வித். அங்கிரி ஆளோடு வித், விசயத்துக்கு எபவுட். பேப்பரில் கோட்டுக்கு முன்னால் உள்ள சொல்லை மட்டும் பார்த்து நிரப்புகிறவர்கள் இங்கே மாட்டுவார்கள். கோட்டுக்குப் பிறகு வருவது ஆளா, பொருளா, திறமையா என்று பார்த்துவிட்டுப் பேனாவை வைக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் "டிஃபரன்ட் தேன்" என்பார்கள், இங்கிலாந்தில் "டிஃபரன்ட் டு" என்பார்கள் என்று வாதாட வருகிறவர்களுக்கு: தெரியும். பரீட்சையில் ஃப்ரொம் எழுதினால் சண்டைக்கு இடமில்லை.

அடுத்தது ஐஎன்ஜி. முன்னிடைச்சொல்லுக்குப் பிறகு வினை வந்தால் அது ஐஎன்ஜியோடு வரும். குட் அட் ஸ்விமிங், டயர்ட் ஒவ் வெயிட்டிங். இதில் டு மட்டும் குழப்பும், ஏனென்றால் வோன்ட் டு கோ என்பதில் வருவதும் டு. பெரியப்பாவின் சோதனை இது: டுவுக்குப் பிறகு இட் போட்டுப் பார். "லுக் ஃபோர்வர்ட் டு இட்" நிற்கும், ஆகவே "லுக் ஃபோர்வர்ட் டு சீயிங் யூ". "வோன்ட் டு இட்" நிற்காது, ஆகவே "வோன்ட் டு சீ". கடிதத்தின் கடைசி வரியில் பாதிப் பேர் "ஃபோர்வர்ட் டு சீ யூ" என்று எழுதுவது இந்தச் சோதனை தெரியாமல்தான்.

பாடமாக்கும்போது தாளின் ஒரு பக்கம் முழுத் தமிழ் வசனம், மறுபக்கம் முழு ஆங்கில வசனம். "டிபென்ட் = ஒன்" என்று எழுதுவதில் பயனில்லை. பிழை தமிழிலிருந்து கிளம்புவதால் தமிழைப் பார்த்துத்தான் பழக வேண்டும். தமிழைப் பார்த்து எழுதி, திருப்பிச் சரி பார்ப்பது. அடுத்த நாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு கிழமை கழித்து ஒருமுறை. ராத்திரி பாடமாக்கி விடிய மறப்பதாகச் சொன்னீர்கள். வாசித்துக்கொண்டே இருந்தால் தெரிந்த மாதிரித்தான் இருக்கும். மூடிவிட்டு எழுதும்போதுதான் தெரியாது என்பது தெரியும்.

ராத்திரி என்றதும் நினைவு வருகிறது. எங்கள் பக்கம் சரியாகப் பரீட்சைக்குப் படிக்கிற மாதங்களில்தான் யாராவது ஒலிபெருக்கியைக் கட்டி இரவு பதினொன்று வரைக்கும் அலறவிடுவார்கள். போய்ச் சொன்னால் "உங்கட பிள்ளை மட்டுமா படிக்குது" என்று கேட்பார்கள். அதனால்தானே சொல்கிறோம்! நான் இரண்டாம் தடவை படித்தது விடியற்காலை நான்கு மணிக்கு, இந்தக் கொடுமையால்தான். சரி, அது வேறு கதை.

மூன்றாம் குவியலை மட்டும் சின்னதாக இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம். வயது போனவர்களிடமும் போகாத பிழை அதுதான். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெரியவர் கூட்ட அழைப்பிதழ் எழுதித் தரும்போதெல்லாம் "டு டிஸ்கஸ் எபவுட்" என்று எழுதித் தருவார். நான் அடிக்கும்போது அந்த எபவுட்டைச் சத்தமில்லாமல் எடுத்துவிடுவேன். கையெழுத்துக்குப் போன கடிதம் திரும்பி வரும்போது, அந்த இடத்தில் பச்சைப் பேனாவால் எபவுட் மறுபடியும் சேர்ந்திருக்கும், பக்கத்தில் எனக்கு ஒரு குறிப்போடு: "கவனமாக அடிக்கவும்."