திரை அதே திரைதானே, அதைப் பாதி பாதியாகத்தானே பிரிக்கிறது. அப்புறம் ஏன் தனியாக விளையாடும்போது நன்றாக ஓடும் கேம், இரண்டு பேர் விளையாடும்போது இழுக்கிறது?

நானும் இதே கணக்கைத்தான் போட்டேன், போட்டு வசமாக மாட்டிக்கொண்டேன்.

எங்கள் வீடு மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம். ஓய்வு நேரத்தில், கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியில் சின்னதாக ஒரு ஓட்டோ ரேஸ் கேம் செய்துகொண்டிருக்கிறேன். பழைய கல்லடி இரும்புப் பாலத்தில் ஏறி இறங்கி, வாவிக்கரை வழியே சுற்றி வர வேண்டும், அவ்வளவுதான். தனியாக ஓடினால் என்னுடைய பழைய நாலு கோர் கம்ப்யூட்டரில் செக்கனுக்கு 60 ஃப்ரேம் அசையாமல் நிற்கும். கல்முனையிலிருந்து மச்சான் வந்த அன்று இரண்டு பேரும் ஓடுவோம் என்று திரையை மேல் பாதி, கீழ் பாதியாகப் பிரித்தேன். பிரிக்கிற வேலை இரண்டே வரி:

```
camA.rect = new Rect(0f, 0.5f, 1f, 0.5f);
camB.rect = new Rect(0f, 0f, 1f, 0.5f);
```

ஓடத் தொடங்கியதும் 30க்கு விழுந்துவிட்டது. மச்சான் டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், வோல்டேஜ் குறைவோ?" என்று கேட்டான்.

முதலில் நான் சந்தேகப்பட்டது கிராபிக்ஸ் கார்டை. அதனால் 1920x1080இல் இருந்து 1280x720க்கு இறக்கினேன். புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விட்டன, ஆனால் ஃப்ரேம் ஒன்றுகூட ஏறவில்லை. நீங்களும் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. ரெசல்யூஷனைக் குறைத்தும் வேகம் கூடவில்லை என்றால் இடிப்பது புள்ளிகளுக்கு நிறம் போடும் வேலை இல்லை, அதற்கு முந்திய வேலை. உங்கள் கணக்கு அந்த நிறம் போடும் வேலைக்குச் சரிதான், திரையில் மொத்தப் புள்ளி மாறவே இல்லை.

அந்த முந்திய வேலை என்னவென்றால், ஒவ்வொரு ஃப்ரேமிலும் பிராசசர் உட்கார்ந்து, இந்தக் கேமராவுக்கு எந்தெந்தப் பொருள் தெரியும், எது பின்னால் கிடக்கிறது என்று பொறுக்கி எடுத்து, தெரிகிற ஒவ்வொன்றுக்கும் "இதை வரை, அதை வரை" என்று கிராபிக்ஸ் கார்டுக்குக் கட்டளை அனுப்ப வேண்டும். தூரத்துத் தென்னை திரையில் பெருவிரல் அளவு தெரிந்தாலும் நகம் அளவு தெரிந்தாலும் கட்டளை ஒன்றுதான். திரை பாதியானதால் தென்னைகள் பாதியாகிவிடவில்லை, அவனுக்கு ஒரு தோப்பு, எனக்கு ஒரு தோப்பு. என் பாலத்தில் இரும்புச் சட்டம் ஒவ்வொன்றும் தனித்தனிப் பொருளாக வேறு இருந்தது (என் சோம்பல்தான், ஒன்றாக ஒட்டி வைத்திருக்க வேண்டும்).

யூனிட்டியில் Stats என்ற பொத்தானை அழுத்தினால் Batches என்று ஒரு எண் காட்டும், ஏறக்குறைய இந்தக் கட்டளைகளின் எண்ணிக்கை. தனி ஆட்டத்தில் 1,100 சொச்சம் இருந்தது. பிரித்த பிறகு 2,200 வரும் என்று பார்த்தால் 2,900. இரண்டு மடங்கையும் தாண்டியது எங்கே என்று தேடத்தான் ஒரு மாலை முழுக்கப் போனது.

விஷயம் கேமராவின் பார்வைக் கோணத்தில் இருந்தது. யூனிட்டியில் நாம் கொடுக்கும் கோணம் மேலிருந்து கீழுக்கான கோணம், அகலத்தைத் திரையின் வடிவத்தைப் பார்த்து அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். நான் 60 பாகை கொடுத்திருந்தேன். 16:9 முழுத் திரையில் அது பக்கவாட்டில் சுமார் 91 பாகை. மேல் கீழாகப் பிரித்ததும் ஒவ்வொரு துண்டும் 32:9 ஆகிவிடுகிறது, நீட்டு ரிப்பன் மாதிரி, பக்கவாட்டுக் கோணம் 128க்குப் போய்விடுகிறது. அதாவது ஆளுக்குப் பாதித் திரை கொடுத்து, முன்பைவிட அகலமான உலகத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். இடம் வலமாகப் பிரித்தால் கதை தலைகீழ், ஒரு துண்டுக்கு 54 பாகைதான் வரும், பொருளும் குறையும். ஆனால் ரேஸில் வளைவு கண்ணுக்கே தெரியாது, மச்சான் இரண்டு முறை வாவிக்குள் விழுந்ததோடு அந்த யோசனையைக் கைவிட்டேன்.

மறுகா நிழலும் தண்ணீரும். வெயில் நிழல் ஒரு தடவை வரைந்து வைத்து இரண்டு பேரும் பங்கு போடுகிற சாமான் இல்லை. கிட்ட உள்ள நிழல் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, கேமரா எங்கே நிற்கிறதோ அதைச் சுற்றித்தான் நிழல் வரைபடம் தயாராகும். கேமரா இரண்டு என்றால் அதுவும் இரண்டு. வாவியில் பாலம் தலைகீழாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு நான் வைத்த பிரதிபலிப்பு அதைவிட மோசம். அதற்காக முழுக் காட்சியையும் கண்ணாடிப் பக்கத்திலிருந்து இன்னொரு முறை வரைய வேண்டும். ஆக நிழலை விட்டுவிட்டாலே தனி ஆட்டத்தில் காட்சி இரண்டு முறை, இருவர் ஆட்டத்தில் நாலு முறை.

நேரமாகப் பார்த்தால் இப்படி இருந்தது. 60 ஃப்ரேமுக்கு ஒரு ஃப்ரேமை 16.7 மில்லிசெக்கனுக்குள் முடிக்க வேண்டும். தனி ஆட்டத்தில் பிராசசருக்கு 9 எடுத்தது, அதில் ஓட்டோ ஓடுவது, மோதுவது எல்லாம் 2, வரையச் சொல்லும் வேலை 7. இரண்டு பேர் என்றதும் அந்த 2 அப்படியே நின்றது, ஏனென்றால் ரேஸ் ஒன்றுதான். 7 மட்டும் 18 ஆனது. மொத்தம் 20. திரை புதுப்பிக்கும் தவணைக்குத்தான் ஃப்ரேமைக் காட்டும் வி-சிங்க் போட்டிருந்ததால், 16.7ஐத் தவறவிட்ட ஃப்ரேம் அடுத்த தவணைக்கு, அதாவது 33.3 வரை காத்திருக்கும். கொஞ்சம் பிந்தினாலும் நேரே பாதி வேகம். அதுதான் நீங்கள் சொல்லும் இழுவை.

இரண்டு பேர் ஆட்டத்துக்கு மட்டும் கோணத்தை 60இல் இருந்து 40 ஆக்கினேன் (பக்கவாட்டில் 105 வரும்), நிழல் தூரத்தை 150 மீட்டரிலிருந்து 60 ஆகக் குறைத்தேன், வாவியின் பிரதிபலிப்பை எடுத்துவிட்டு முன்கூட்டியே எடுத்த ஒரு படத்தை ஒட்டினேன். 13 மில்லிசெக்கனுக்கு வந்தது. மச்சானுக்கு வித்தியாசம் தெரியவே இல்லை.

இதெல்லாம் இரண்டு பேரும் ஒரே பாதையில் ஓடுகிற கேமுக்கு. ஆளுக்கு ஒரு ஊரில் நிற்கலாம் என்கிற பெரிய கேமில் மெமரியும் சேர்ந்து கழுத்தைப் பிடிக்கும், இரண்டு இடத்துச் சாமானும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்க வேண்டும். பால்டூர்ஸ் கேட் 3 இதற்கு நல்ல உதாரணம். 10 ஜிபி மெமரி உள்ள எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ்ஸில் பிரித்த திரையை ஓட வைக்க முடியாமல், 2023 டிசம்பரில் அந்த வசதி இல்லாமலே அதில் வெளியிட்டார்கள். 16 ஜிபி உள்ள சீரீஸ் எக்ஸ்ஸில் இருந்தது. எஸ்ஸுக்கு வந்து சேர 2025 ஏப்ரல் ஆனது. ஆன்லைனில் ஆடும்போது இந்தத் தொல்லை இல்லை, அவரவர் பெட்டி அவரவர் காட்சியை மட்டும்தான் வரைகிறது.

இப்போது மச்சான், தம்பிமாரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், நாலாகப் பிரி என்கிறான். நாலாகப் பிரித்தால் துண்டு மறுபடி 16:9 ஆகிவிடும், கோணத்தில் பிரச்சினை இல்லை, ஆனால் வரையச் சொல்லும் வேலை நாலு மடங்கு, எவ்வளவு குறைத்தாலும் 22 மில்லிசெக்கனுக்குக் கீழே இறங்குதில்லை. மரியோ கார்ட் 8 கூட இரண்டு பேர் வரை 60, மூன்று நாலு பேருக்கு 30 என்றுதான் ஓடுகிறது. நானும் `QualitySettings.vSyncCount = 2` என்று போட்டு, நாலு பேர் ஆட்டத்தை 30இல் பூட்டிவிட்டேன்.