தெரியாத டிராக்கர் எச்சரிக்கை வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: "தெரியாத டிராக்கர் உங்களுடன் வருகிறது என்று என் ஆண்ட்ராய்டு போனில் அறிவிப்பு வந்திருக்கிறது. இது உண்மையா, என்ன செய்ய வேண்டும்?"

அறிவிப்பைத் தள்ளிவிடாமல் திறந்து, அதிலுள்ள வரைபடத்தைப் பாருங்கள். அந்தக் கருவி எங்கெங்கே உங்களோடு வந்தது என்பதை அது காட்டும். கருவி எதற்குள் இருக்கிறது என்பதற்கான துப்பும் பெரும்பாலும் அதில்தான் கிடைக்கும்.

என் தங்கை பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கிய சில நாட்களில் அவளுக்கு இந்த அறிவிப்பு வந்தது. கைப்பையைக் கொட்டித் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. வரைபடத்தில் வீட்டிலிருந்து அலுவலகம் வரை தடம் இருந்தது. அவள் பேருந்தில் போய்வந்த நாளில் மட்டும் எதுவும் இல்லை. பிறகு ஸ்கூட்டர் அருகில் நின்று Play sound என்பதை அழுத்தினோம். இருக்கைக்குள்ளிருந்து மெல்லிய கீச்சொலி கேட்டது. அது ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்டேக் என்ற சிறிய டிராக்கர். ஏர்டேக் உரிமையாளரைப் பிரிந்து 8 முதல் 24 மணி நேரத்துக்குள் தானாகவே ஒலி எழுப்பும் என்றாலும், ஸ்பாஞ்சுக்குள் புதைந்து கிடந்தால் ஓடும் வண்டியில் அது யார் காதில் விழும்?

வெளியே எடுத்ததும் பேட்டரியைக் கழற்றவில்லை. இருந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டு, அதன் வெள்ளைப் பக்கத்தை, அருகில் வைத்தாலே தகவலைப் படிக்கும் என்எஃப்சி வசதியுள்ள போனின் பின்புறம் வைத்தோம். வரிசை எண்ணும், உரிமையாளரின் தொலைபேசி எண்ணின் கடைசி 4 இலக்கங்களும் திரையில் வந்தன. விற்பனைத் தாளில் இருந்த பழைய உரிமையாளரின் எண்ணோடு அவை பொருந்தின. திருட்டுக்குப் பயந்து வைத்ததை எடுக்க மறந்துவிட்டாராம். இடையில் நின்று விற்றுத் தந்தவரோ, "இதுக்கெல்லாமா பயப்படுவீங்க?" என்று சிரித்தார். ஒரு பெண் எங்கே வசிக்கிறாள் என்பது அத்தனை நாளும் அந்நியர் ஒருவரின் போனில் தெரிந்துகொண்டிருந்தது அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

நான் பீதி கிளப்புவதாகச் சிலர் நினைக்கலாம். இரவல் வாங்கிய சாவிக்கொத்தும் குடும்பத்தாரின் காரும்கூட இந்த அறிவிப்பைத் தரும் என்பது உண்மைதான். ஆனால் உங்களுக்கு ஒருவர்மீது சந்தேகம் இருந்தால் நிலைமை வேறு. பேட்டரியை எடுத்த உடனே இருப்பிடத் தகவல் நின்றுபோகும், வைத்தவர் அதைக் கவனித்துவிடக் கூடும். ஆகவே வீட்டுக்குப் போகாமல், ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கோ காவல் நிலையத்துக்கோ சென்று, அங்கே கழற்றுவது நல்லது, அவசரமென்றால் 112. வரிசை எண் கையில் இருந்தால், கருவி யாருடைய கணக்கில் இருக்கிறது என்று காவல்துறை நிறுவனத்திடம் சட்டப்படி கேட்க முடியும். போனில் என்எஃப்சி இல்லாதவர்கள் மூடியைத் திருகி எடுத்தால் பேட்டரிக்கு அடியில் அந்த எண் அச்சிடப்பட்டிருக்கும்.

அறிவிப்பு வராததாலேயே வண்டியில் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சிம் கார்டு போட்ட ஜிபிஎஸ் கருவிகளை இந்த வசதி கண்டுபிடிக்காது. வண்டியை மெக்கானிக்கிடம் விட்டு, பேட்டரி ஒயர்களைத் தொடர்ந்து பார்க்கச் சொன்னால் அவற்றைக் கண்டறிய வாய்ப்புண்டு.