கூந்தல் எண்ணெய் விற்பனைப் பக்கத்தில் என்ன எழுதலாம்: கேள்வி பதில்

(பதில் சொல்பவர் எண்ணெய், கிரீம் தயாரிக்கும் சிறு ஆலையில் பல வருடம் லேபிள் சரிபார்த்தவர். உரிமம் வாங்கி அழகுசாதனப் பொருளாக விற்பவர்களுக்கான பதில்கள் இவை. ஆயுர்வேத உரிமத்தில் செய்பவர்களுக்கு லேபிள் விதிகள் தனி.)

"அக்கா, என்னோடது ரோஸ்மேரி எண்ணெய். சேர்மானத்துல ரோஸ்மேரியை முதல்ல போடலாமா?"

உங்கள் அளவைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். பத்து கிலோவுக்கு தேங்காய் எண்ணெய் 6.2 கிலோ, நல்லெண்ணெய் 2.8, விளக்கெண்ணெய் 900 கிராம், ரோஸ்மேரி 60 கிராம், வாசனை 30, வைட்டமின் ஈ 10 என்று அனுப்பினீர்கள். 60 கிராம் என்றால் 0.6 சதவீதம்தான். 2020 அழகுசாதன விதிகளின்படி ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பவை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குமுகமாக வரவேண்டும். ஒரு சதவீதமோ அதற்குக் கீழோ இருப்பவை அதற்குப் பின், எந்த வரிசையிலும் வரலாம். ஆக ரோஸ்மேரிக்கு அதிகபட்சம் நான்காவது இடம்தான்:

```
INGREDIENTS: Cocos Nucifera Oil, Sesamum Indicum Seed Oil,
Ricinus Communis Seed Oil, Rosmarinus Officinalis Leaf Oil,
Parfum, Tocopherol
```

பக்கத்தில் இதற்குக் கீழே தமிழ்ப் பெயர்களையும் அதே வரிசையில் போடுங்கள். தலைப்பில் 'ரோஸ்மேரி' என்று பெரிதாகப் போட்டுவிட்டு உள்ளே நான்காவதாக வந்தால் வாடிக்கையாளர் கேட்கத்தான் செய்வார். கேட்கட்டும், வரிசையை மாற்றாதீர்கள்.

"ஒரு சதவீதத்துக்குக் கீழ இருந்தா எழுதவே வேணாம்னு எங்க சப்ளையர் சொன்னாரே?"

பாதி சரி. வரிசைக்குத்தான் விலக்கு, பெயரைப் போடாமல் விடுவதற்கு இல்லை. வாசனையை மறைத்துவிட்டு 'நூறு சதவீதம் இயற்கை' என்று எழுதுபவர்கள் மாட்டுவதே இந்த இடத்தில்தான். 60 மி.லி.க்குக் குறைவான சின்ன பாட்டிலில் பட்டியல் அச்சிடாமல் விடலாம், உண்மை. ஆனால் விற்பனைப் பக்கத்தில் இடத்துக்கு என்ன பஞ்சம்?

"பாட்டில்ல 100 மி.லி. ஊத்துறோம். பக்கத்துல 100 கிராம்னு போட்டிருக்கோம். ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

சார் இல்லை, அக்கா! ரெண்டும் ஒன்று இல்லை. தேங்காய் எண்ணெய் ஒரு மி.லி. ஏறத்தாழ 0.92 கிராம். 100 மி.லி. ஊற்றினால் தராசில் 92 கிராம்தான் காட்டும். நீங்கள் 100 கிராம் என்று எழுதியதால் பாட்டிலுக்கு 8 கிராம் குறைவு, ஆயிரம் பாட்டிலில் 8 கிலோ. நீங்கள் ஏமாற்ற நினைக்கவில்லை, ஆனால் எடையளவு ஆய்வாளர் தராசைத்தான் பார்ப்பார்.

எண்ணெய்க்கு `100 ml` என்று எழுதுங்கள். 'சுமார்', 'குறைந்தது' போன்ற சொற்கள் நிகர அளவோடு வரக்கூடாது. கிராமுக்கு `g` மட்டும், `gms` தவறு. நிரப்பும்போது தராசு வசதி என்றால் காலி பாட்டிலை வைத்து பூஜ்யமாக்கி 92 கிராமுக்குக் கொஞ்சம் கூடவே விடுங்கள். மார்கழியில் எண்ணெய் உறைந்தாலும் எடை மாறாது, கோடு பார்த்து ஊற்றினால்தான் தடுமாறும்.

"பேட்ச் நம்பர், காலாவதி தேதி ரெண்டையும் பக்கத்துலயே போட்டுட்டேன். சரிதானே?"

பாட்டிலில் இரண்டும் கட்டாயம். பக்கத்தில் பேட்ச் எண் போட்டால்தான் சிக்கல்: அடுத்த பேட்ச் வந்ததும் பக்கம் பொய்யாகிவிடும். எங்கள் ஆலையிலேயே நடந்தது. படத்தில் பழைய பாட்டிலின் அடிப்பக்கம் தெரிந்தது. வாங்கியவர் கையில் இருந்ததோ வேறு எண். போலிச் சரக்கு என்று புகார் போட்டுவிட்டார். அதனால் பேட்ச் எண்ணுக்கு 'பாட்டிலில் அச்சிடப்பட்டுள்ளது' என்று எழுதுங்கள், படத்தில் அந்த இடம் தெரியாமல் எடுங்கள்.

காலாவதி வேறு, அதை இணைய வாடிக்கையாளருக்குச் சொல்லத்தான் வேண்டும். 'தயாரித்த நாளிலிருந்து 24 மாதம்' என்று மட்டும் எழுதினால் தயாரித்த மாதம் தெரியாமல் அவர் எதைக் கணக்கிடுவார்? கையிருப்பில் எது முதலில் முடிகிறதோ அந்த மாதம், வருடத்தைப் போட்டு, சரக்கு மாறும்போது திருத்துங்கள்.

"என் எண்ணெய்க்கு ரெண்டு வருஷம் போடலாமா? பாட்டி காய்ச்சினது வருஷக்கணக்கா இருக்குமே."

பாட்டியின் எண்ணெயை லேபிளில் எழுத முடியாது. ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு பாட்டில் எடுத்துவைத்து மாதம் ஒருமுறை மோந்து பாருங்கள். நீங்கள் போட்ட கெடு முடிவதற்குள் சிக்கு வாடை வந்தால் அந்தக் கெடு அதிகம், குறைத்துப் போடுங்கள். பச்சை இலைச் சாறு ஊற்றிக் காய்ச்சுபவர்கள் இன்னும் கவனம்: சடசடப்பு அடங்குவதற்குள் இறக்கினால் தண்ணீர் தங்கி, அடியில் பூஞ்சை பிடிக்கும்.

"கரிசலாங்கண்ணி ஒரு கிலோ போட்டுக் காய்ச்சி சக்கையை எறிஞ்சுடுறோம். அப்போ அது எத்தனாவது இடம்?"

சேர்க்கும்போது இருந்த எடைதான் கணக்கு என்கிறது விதி. அப்படிப் பார்த்தால் இலை மேலே வரும். ஆனால் பாட்டிலில் இருப்பது சாரம் மட்டுமே, இலை இல்லையே என்று வாதிடுபவர்களும் உண்டு. இரண்டு விதமாக எழுதிய லேபிள்களையும் பார்த்திருக்கிறேன். உரிமம் கொடுத்த அலுவலகத்தில் கடிதமாகக் கேட்டு, பதிலையும் கடிதமாகவே வாங்கிவையுங்கள். பதில் வந்தால் எனக்கும் சொல்லுங்கள்.