ஒற்றை நெடுவரிசையை மூன்று நெடுவரிசை அட்டவணையாக மடிப்பது எப்படி?

கேள்வி: எக்செலில் A2 முதல் A240 வரை 80 பேரின் விவரங்கள் பெயர், ஊர், கைபேசி எண் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. ஒருவருக்கு ஒரு வரி வீதம் மூன்று நெடுவரிசைகளாக மாற்ற என்ன செய்ய வேண்டும்?

பதில்: மைக்ரோசாஃப்ட் 365 அல்லது எக்செல் 2024 உங்களிடம் இருந்தால் இதற்கென்றே ஒரு செயற்கூறு இருக்கிறது. கூகுள் ஷீட்ஸிலும் அதே பெயரில் அது கிடைக்கிறது. C2 கட்டத்தில் இதை இடுங்கள்:

```
=WRAPROWS(A2:A240,3)
```

பழைய பதிப்பு என்றால் C2-இல் கீழுள்ள சூத்திரத்தை இட்டு, E நெடுவரிசை வரை வலப்புறமாகவும் பிறகு 81ஆம் வரி வரை கீழாகவும் இழுக்க வேண்டும்.

```
=INDEX($A$2:$A$240,(ROWS(C$2:C2)-1)*3+COLUMNS($C2:C2))
```

இதன் கணக்கு எளியது. ஐந்தாம் நபரின் ஊர் வேண்டுமானால், அவருக்கு முன்னுள்ள நால்வரின் 12 மதிப்புகளைத் தாண்டி இரண்டாவதை எடுக்க வேண்டும். அது பட்டியலில் 14ஆவது மதிப்பு, அதாவது A15. முன்னால் எத்தனை வரிகள் உள்ளன என்பதை ROWS சொல்கிறது, அந்த வரியில் எத்தனையாவது இடம் என்பதை COLUMNS சொல்கிறது.

ஆனால் உங்கள் கேள்வியிலேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. A2 முதல் A240 வரை இருப்பவை 239 மதிப்புகள். 80 பேருக்கு மூன்று வீதம் 240 இருக்க வேண்டும். எங்கோ ஒருவருக்கு ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது. இரண்டு சூத்திரங்களும் இடத்தை மட்டுமே எண்ணுகின்றன, எது பெயர், எது எண் என்று அவற்றுக்குத் தெரியாது. ஆகவே விடுபட்ட இடத்திலிருந்து எல்லாம் ஓர் இடம் முன்னேறி, கைபேசி எண்ணுக்கான நெடுவரிசையில் அடுத்தவரின் பெயர் வந்து உட்கார்ந்துவிடும். கடைசி வரியில் 80ஆம் நபரின் ஊரும் எண்ணும் நின்று, மூன்றாம் கட்டத்தில் WRAPROWS என்றால் #N/A, INDEX என்றால் #REF! தோன்றும். இணையத்தில் கிடைக்கும் பல விளக்கங்கள், அந்தப் பிழைக்குறி தெரியாமலிருக்க WRAPROWS-இன் மூன்றாம் உள்ளீடாக "" கொடுக்கச் சொல்கின்றன. முதல் முறை மடிக்கும்போது அதைச் செய்யாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து, ஏனெனில் தரவு குறைகிறது என்று காட்டும் ஒரே அடையாளம் அதுதான்.

விடுபட்ட இடத்தைக் கண்டுபிடிக்க, G2-இல் பின்வரும் சோதனையை இட்டு 81ஆம் வரி வரை இழுங்கள்.

```
=ISNUMBER(--E2)
```

கைபேசி எண்கள் எழுத்து வடிவில் சேமிக்கப்பட்டிருந்தாலும் அந்த இரட்டைக் கழித்தல் குறி அவற்றை எண்ணாக மாற்றிப் பார்க்கும். எண்ணின் நடுவே இடைவெளி இருந்தால் மட்டும் முதலில் அதை நீக்கிவிடுங்கள். மேலிருந்து வரும்போது முதல் FALSE எங்கே இருக்கிறதோ அங்கேதான் உடைப்பு. 17ஆம் நபரின் எண் இல்லை என்று வைத்துக்கொண்டால், G18-இல் தொடங்கி இறுதிவரை FALSE என்றே இருக்கும். மூலப் பட்டியலில் அந்த எண்ணுக்குரிய இடம் 51ஆவது, அதாவது A52. அதில் இப்போது 18ஆம் நபரின் பெயர் இருக்கும். A52-ஐ மட்டும் தேர்ந்தெடுத்து வலது சொடுக்கில் Insert, பிறகு Shift cells down கொடுத்தால் வெற்றுக் கட்டம் ஒன்று நுழைந்து, சூத்திரத்தின் எல்லையும் தானாக A241 ஆகிவிடும். எண்ணுக்குப் பதில் ஊர் விடுபட்டிருந்தாலும் முதல் FALSE அதே வரியில்தான் வரும் என்பதால், எந்த விவரம் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டே கட்டத்தை நுழையுங்கள்.

மொத்த எண்ணிக்கை மூன்றால் மீதியின்றி வகுபட்டாலும் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. ஒருவருக்கு ஒரு விவரம் குறைந்து, வேறொருவருக்கு இரண்டு எண்கள் இருந்தால் கூட்டுத்தொகை சரியாகவே இருக்கும், இடையிலுள்ள வரிகள் மட்டும் நழுவியிருக்கும். அப்போது FALSE பட்டியலின் நடுவில் தொடங்கி நடுவிலேயே முடிந்துவிடும். கூடுதலான கைபேசி எண்ணால் நழுவல் தொடங்கியிருந்தால், காரணம் முதல் FALSE-க்கு மேலுள்ள நபரிடம் இருக்கும்.

வெற்றுக் கட்டத்தை நுழைத்த பிறகு அந்த இடத்தில் 0 தெரியும். மூன்றாம் உள்ளீடு கடைசி வரியின் மிச்சத்தை மட்டுமே நிரப்பும், நடுவிலுள்ள வெற்றிடத்தைத் தொடாது. எனவே இறுதிச் சூத்திரம் இப்படி இருக்கட்டும்:

```
=WRAPROWS(IF(A2:A241="","",A2:A241),3)
```

இந்த முடிவை இருந்தபடியே பெயர் வாரியாக வரிசைப்படுத்த முடியாது. A நெடுவரிசையை அழித்தால் இதுவும் வெறுமையாகிவிடும். ஆகவே C முதல் E வரையுள்ளதை நகலெடுத்து, வேறொரு தாளில் Paste Special வழியாக Values ஆக ஒட்டிக்கொண்டு அங்கே வரிசைப்படுத்துங்கள்.