அளவு ஜாடிப் படத்தில் நீரின் அளவைப் படிப்பது

படத்தில் உள்ள அளவு ஜாடியில் தண்ணீர் வளைந்து தெரிகிறது. எந்த இடத்தைப் படிப்பது?

அந்த வளைவுக்குப் பிறைத்தளம் என்று பெயர். நீர் கண்ணாடியை ஒட்டி ஓரத்தில் ஏறுவதால் நடுவில் குழிகிறது. அந்தக் குழிவின் அடியைப் படியுங்கள்.

40க்கும் 50க்கும் இடையே 10 இடைவெளிகள் இருந்தால், ஒரு சிறு பிரிவு 1 மி.லி. அடிப்பகுதி 43க்கும் 44க்கும் சரிநடுவே நின்றால் 43.5 மி.லி.

அப்புறம் கேமராவின் உயரம். சுவர்க் கடிகார முள்ளைப் பக்கவாட்டில் பார்த்தால் நிமிடம் தள்ளித் தெரியுமே, அதுபோல மேலிருந்து எடுத்த படத்தில், முன்பக்க அளவுகோலில் அளவு கூடுதலாகத் தெரியும். நீரின் விளிம்பு நீள்வட்டமாகத் தெரிந்தால் கேமரா நீர்மட்டத்தில் இல்லை. அந்தப் படத்தை நம்ப வேண்டாம்.

படத்தைப் பெரிதாக்கினால் 43.52 என்றுகூடப் படிக்கலாம் எனப் பலர் நினைக்கிறார்கள், 1 மி.லி. பிரிவுள்ள ஜாடியில் அந்த இரண்டாம் தசம இலக்கம் வெறும் ஊகம்தான்.