முடிவுரையில் என்ன எழுதுவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

“முன்னுரையையே திருப்பி எழுதியிருக்கிறாய்” என்று பேராசிரியர் என் கட்டுரையில் குறித்திருக்கிறார். வார்த்தைகளை மாற்றித்தானே எழுதினேன்?

வார்த்தை மாறினால் போதாது, கருத்து நகர்ந்திருக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் முடிவுரையை எடுத்து முன்னுரையின் இடத்தில் வைத்துப் படியுங்கள். அங்கே அது இயல்பாகப் பொருந்தினால், நடுவில் நீங்கள் எழுதிய ஐந்து பக்கங்களும் முடிவுரைக்குத் தேவைப்படவில்லை என்று பொருள். நல்ல முடிவுரையை அப்படி இடம் மாற்ற முடியாது. நடுப்பகுதியைப் படிக்காதவருக்கு அதில் ஒரு வரியாவது புரியாமல் போகும்.

நீங்கள் அனுப்பிய கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். முன்னுரையில், 2003-இல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது, ஆனால் பராமரிப்பு இல்லாததால் பல வீடுகளில் அது பயன்படவில்லை என்கிறீர்கள். நடுவில், மணலும் ஜல்லியும் போட்ட வடிகட்டி எப்படிச் சேறு படிந்து அடைத்துக்கொள்கிறது, கட்டடம் முடியும்போது ஒருமுறை பார்ப்பதோடு சோதனை ஏன் நின்றுவிடுகிறது என்று விளக்குகிறீர்கள். நன்றாகவே இருக்கிறது. முடிவுரையில் மறுபடியும் “எனவே பராமரிப்பு இல்லாததால் திட்டம் முழுப்பயன் தரவில்லை” என்று வந்துவிடுகிறது.

இங்கே “சரி, அப்படியானால்?” என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“வடிகட்டி அடைத்துக்கொள்வது விபத்து அல்ல, ஒவ்வொரு மழையிலும் நடப்பது. அப்படியானால் மழைநீர்த் தொட்டியைச் சுவர் போல, ஒருமுறை கட்டினால் முடிந்தது என்று நினைத்ததே பிழை. அது லிஃப்ட் போல, தொடர்ந்து சோதிக்க வேண்டிய பொருள். கேட்க வேண்டிய கேள்வி ‘தொட்டி இருக்கிறதா?’ என்பதல்ல, ‘இந்த ஐப்பசிக்கு முன் தூர்வாரினீர்களா?’ என்பது.”

பராமரிப்பு இல்லை என்ற அதே கருத்திலிருந்துதான் இது கிளம்புகிறது. ஆனால் சட்டம் எதைச் சோதிக்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்து சேர்கிறது. முன்னுரையில் இதைச் சொல்லியிருக்கவே முடியாது, ஏனென்றால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும் கதை அப்போது வாசகருக்குத் தெரியாது.

முடிவுரையில் புதிதாக எதுவும் சொல்லக் கூடாது என்று பள்ளியில் சொன்னார்களே?

அந்த விதி சான்றுகளுக்கு உரியது. இனி நிரூபிக்க வேண்டிய ஒரு புள்ளிவிவரத்தை அங்கே கொண்டுவந்தால், அதை விளக்க இடம் இருக்காது. அது நடுப்பகுதிக்குப் போக வேண்டும். ஆனால் ஏற்கெனவே நிறுவியதிலிருந்து கிளம்பும் விளைவு அங்கே வரலாம், வரவும் வேண்டும். மேலே உள்ள லிஃப்ட் ஒப்புமை புதியதுதான். லிஃப்டை அடிக்கடி சோதிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதற்குத் தனிச் சான்று தேவைப்படவில்லை. அதுவே “லிஃப்ட் சோதனையால் விபத்துகள் இத்தனை சதவீதம் குறைந்தன” என்று போனால், வேறொரு கட்டுரையைத் தொடங்கிவிட்டீர்கள்.

என் வாதத்துக்கு எல்லை உண்டு என்று கடைசியில் ஒப்புக்கொண்டால் கட்டுரை பலவீனமாகிவிடாதா?

எங்கே ஒப்புக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டதை ஒரு வாசகர் நினைத்துக்கொண்டு, “தொட்டிகளைத் தூர்வாரியிருந்தால் அது நடந்திருக்காதா?” என்று கேட்கலாம். வீட்டுத் தொட்டியில் இறங்கும் நீர் அந்தப் பகுதிக் கிணற்றையும் போர்வெல்லையும்தான் தாங்கும். அதனால் செம்பரம்பாக்கம் நிரம்பாது. இதை நீங்களே சொல்லிவிட்டு, “ஆனால் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவுக்கு அந்தக் கிணறுதான் முக்கியம்” என்று தொடர்ந்தால் வாதம் இன்னும் உறுதியாகும். எல்லையைச் சொல்லி அங்கேயே நிறுத்திவிட்டால்தான் பின்வாங்கியதுபோலத் தோன்றும். இதை முடிவுரையின் நடுவில் வைப்பது எனக்குப் பிடிக்கும், கடைசி வரியில் வேண்டாம்.

ஒரு குறளோடு முடிக்கலாமா? அல்லது “உறுதி ஏற்போம்” என்று?

பள்ளியில் பழகிய “நாம் அனைவரும் உறுதி ஏற்போம்” எந்தக் கட்டுரைக்கும் பொருந்திவிடும், ஆகவே அதை விட்டுவிடுங்கள். மழைநீர் என்றதும் “நீரின்று அமையாது உலகெனின்” கையில் வந்து நிற்கும். அது அழகான வரிதான். ஆனால் நீர் வேண்டும் என்பதை உங்கள் கட்டுரையில் யாருமே மறுக்கவில்லையே. குறள் வேண்டுமென்றால் முன்னுரையில் வையுங்கள்.

குடிமைப் பணித் தேர்வில் மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டும். முடிவுரைக்கு யோசிக்க நேரமே இல்லை.

எழுதத் தொடங்கும் முன், குறிப்பு எடுக்கும்போதே “அப்படியானால்” என்று ஒரு வரி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதி எழுதும்போது அந்த வரி மாறலாம், மாறட்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் முன்னுரையைத் திரும்பிப் பார்க்காதீர்கள். கடைசியாக எழுதிய பத்தியை மட்டும் படித்துவிட்டு அங்கிருந்து முடிவுரையைத் தொடங்குங்கள்.